பின்தொடைத் தசைக் கிழிவு: தரம் 2 என்றால் மூன்று வாரமா?

*வணக்கம். எனக்கு 20 வயது, 100, 200 மீட்டர் ஓடுகிறேன். பத்து நாள் முன்பு வேகப் பயிற்சியின்போது வலது தொடையின் பின்பக்கம் சுளீரென்று பிடித்து, நொண்டிக்கொண்டே நின்றுவிட்டேன். நான்காம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இப்படி இருக்கிறது: “பைசெப்ஸ் ஃபெமோரிஸ் நீள்தலையின் நடுப்பகுதியில் 9 செ.மீ. நீளத்துக்கு நீர்க்கோவை, தசையின் குறுக்குவெட்டில் சுமார் 25 சதவீதம். தசைக்குள் ஓடும் நாணில் 3 செ.மீ. நீளத்துக்குப் பகுதிக் கிழிவு, நாணின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு. நாண் தொய்யவில்லை. தரம் 2.” தரம் 2 என்றால் மூன்று வாரம் என்கிறார்கள். இப்போது நடந்தால் வலி இல்லை. மெதுவாக ஓடியும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. மூன்று வாரம் முடிந்ததும் முழு வேகத்தில் ஓடலாமா? அதற்கு முன் இன்னொரு எம்.ஆர்.ஐ. வேண்டுமா? பி.ஆர்.பி. ஊசி போட்டால் சீக்கிரம் ஆறுமா? காயத்துக்கு முன் என் பறக்கும் 20 மீட்டர் நேரம், அதாவது முன்பே வேகமெடுத்துவிட்டு ஓடும் 20 மீட்டர், 2.00 விநாடி.*

மூன்று வாரத்தில் முழு வேகம் வேண்டாம். மறு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஊசியும் தேவையில்லை. ஐந்து வாரத்தில் வரும் போட்டியை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து. அதற்கான கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

“தரம் 2 என்றால் மூன்று வாரம்” என்பது பழைய மூன்று படிப் பிரிவிலிருந்து வந்த பேச்சு. சில நார்கள் மட்டும் அறுந்தால் 1, பாதி அறுந்தால் 2, முழுதும் அறுந்தால் 3 என்று அதில் பிரிப்பார்கள். எவ்வளவு கிழிந்தது என்பதை அது சொல்லும். எது கிழிந்தது என்பதைச் சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பிரிட்டனின் தடகள அணி மருத்துவர்கள் 2014-இல் வேறொரு பிரிவை வெளியிட்டார்கள். அதில் 0 முதல் 4 வரை எண் உண்டு, எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் உண்டு. தசையைச் சுற்றியுள்ள உறையோரம் காயம் என்றால் ஏ. தசையை எலும்போடு கட்டும் நாணோடு தசை நார் சேரும் இடம் என்றால் பி. நாணுக்குள்ளேயே கிழிவு என்றால் சி. எண் அளவைக் குறிக்கிறது: நீர்க்கோவை, அதாவது காயத்தால் தசைக்குள் கட்டும் நீர், குறுக்குவெட்டில் 10 சதவீதத்துக்குள், நீளத்தில் 5 செ.மீ.க்குள் என்றால் 1. 10 முதல் 50 சதவீதம், 5 முதல் 15 செ.மீ. என்றால் 2, அதற்கு மேல் 3, முழுக்க அறுந்தால் 4.

உங்கள் அறிக்கையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 9 செ.மீ., 25 சதவீதம் என்பது எண் 2-க்குள் வருகிறது. நாணில் கிழிவு 5 செ.மீ.க்குக் குறைவு, குறுக்களவில் பாதிக்கும் குறைவு, நாண் தொய்யவில்லை. ஆக இது 2சி. நாணில் பாதிக்கு மேல் கிழிந்து, அலை அலையாகத் தொய்ந்திருந்தால் 3சி ஆகியிருக்கும், பேச்சே வேறாகியிருக்கும். நாண் தொடப்படாமல் இதே 9 செ.மீ. நீர்க்கோவை மட்டும் இருந்திருந்தால் 2பி. மூன்று நாலு வாரக் கணக்கு அந்த 2பி-க்கு ஓரளவு பொருந்தும். உங்களிடம் சொன்னவர்கள் அறிக்கையின் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கு முந்தைய வரியை விட்டுவிட்டார்கள்.

நாண் என்றால் ஏன் இந்தக் கெடுபிடி? பின்தொடையின் வெளிப்பக்கத் தசையான பைசெப்ஸ் ஃபெமோரிஸ் நீள்தலையில் நாண் இரு முனையோடு நின்றுவிடுவதில்லை. தசைக்குள்ளேயே நீண்ட தூரம் ஓடுகிறது. தென்னங்கீற்றின் நடுவில் மட்டை ஓட, இரு பக்கமும் ஓலைகள் சாய்வாக ஒட்டியிருப்பதைப் போல, தசை நார்கள் அந்த நாணில் சாய்வாக ஒட்டியிருக்கின்றன. சில ஓலைகள் கிழிந்தால் பக்கத்து ஓலைகள் சுமையைத் தாங்கும், கிழிந்த இடமும் ரத்த ஓட்டம் நன்றாக உள்ளதால் சில வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். மட்டையிலேயே விரிசல் விழுந்தால் அப்படி இல்லை. நாணின் கொலாஜன் புதிதாகப் படிந்து, இழுவை வரும் திசையில் வரிசையாகி, பழைய விறைப்பைப் பெற அதிக நாள் பிடிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நீங்கள் இப்போது அதன் வாசலில்தான் நிற்கிறீர்கள். நாணைச் சுற்றியுள்ள தசை நார்களில் காயம் சிறிது என்பதால் அவை சீக்கிரம் ஆறிவிடும். பத்து, பன்னிரண்டு நாளில் வலி போய்விடும், கால் நன்றாக நீளும், மெல்லோட்டம் இயல்பாக வரும். வலி காட்டும் பகுதி ஆறிவிட்டது. சுமை தாங்கும் பகுதி ஆறவில்லை. மெல்லோட்டம் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. விரையோட்டத்தில் கால் முன்னால் வீசப்பட்டு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இடுப்பு மடங்கியிருக்க முழங்கால் விரிகிறது. அந்தக் கணத்தில்தான் இந்தத் தசை மிக நீளமாக இழுபட்டுக்கொண்டே, முழங்காலைப் பிடித்து நிறுத்தும் பிரேக் வேலையையும் செய்கிறது. அந்தச் சுமை வேகத்தோடு சீராக ஏறுவதில்லை. 80 சதவீத வேகத்தைத் தாண்டியபின் செங்குத்தாக ஏறுகிறது. எனவே “மெதுவாக ஓடினேன், ஒன்றும் தெரியவில்லை” என்பது நல்ல செய்திதான், ஆனால் முழு வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

படம் எவ்வளவு நம்பத்தக்க ஜோசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் தடகள வீரர்களின் காயங்களைத் தொகுத்து 2016-இல் வந்த ஆய்வில், சி வகைக் காயங்கள் முழுப் பயிற்சிக்குத் திரும்ப அதிக நாள் எடுத்தன, மறுபடி கிழிவதும் அவற்றில் அதிகமாக இருந்தது. ஆனால் பெரும்பாலும் கால்பந்து வீரர்களைப் பின்தொடர்ந்து 2018-இல் வந்த ஆய்வில், தசைக்குள் உள்ள நாண் காயப்பட்டவர்களுக்கு மறுகிழிவு அதிகமாக வரவில்லை. இரண்டும் முரண் போலத் தெரியும். என் வாசிப்பு இது: கால்பந்தில் உச்ச வேகம் ஆட்டத்துக்குச் சில முறைதான் வருகிறது, உங்களுக்கோ அதுவே தொழில். ஆகவே விரையோட்டக்காரருக்கு நாண் காயத்தைக் கூடுதல் எச்சரிக்கையோடு பார்ப்பதே நியாயம். எழுத்து சி என்பதற்காகப் பயந்து மாதக்கணக்கில் படுக்கவும் தேவையில்லை. ஒருவர் எத்தனை நாளில் திரும்புவார் என்று கணிப்பதில், கவனமான மருத்துவப் பரிசோதனைக்கு மேல் எம்.ஆர்.ஐ. கூட்டித் தரும் தகவல் மிகச் சிறிது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படம் எந்த வேகத்தில் திட்டம் போடுவது என்று சொல்லும். எந்த நாளில் ஓடலாம் என்பதைக் காலே சொல்ல வேண்டும்.

ஓர் அளவுக்கல்லும் இருக்கிறது. ஸ்வீடனின் முன்னணி விரையோட்ட, தாண்டுதல் வீரர்கள் 56 பேரிடம் இரண்டு பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. தசையை நீட்டியபடி சுமையேற்றும் திட்டத்தில் இருந்தவர்கள் முழுப் பயிற்சிக்குத் திரும்பச் சராசரியாக 49 நாள் ஆனது. வழக்கமான திட்டத்தில் 86 நாள். சிறந்த திட்டத்திலேயே ஏழு வாரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மூன்று வாரக் கணக்கு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

மறு எம்.ஆர்.ஐ. விஷயம் சுருக்கமானது. குணமாகி ஆட்டத்துக்குத் திரும்பத் தயாரான 53 வீரர்களைத் திரும்பும் நேரத்தில் படமெடுத்துப் பார்த்தபோது, 47 பேருக்குப் படத்தில் இன்னும் வெள்ளை ஒளிர்வு இருந்தது. ஆறிய காலிலும் படம் “இன்னும் இல்லை” என்றுதான் சொல்லும். நீங்கள் அதை எடுத்தால் வீண் பயம் மிஞ்சும். நாண் தொய்ந்த 3சி, அல்லது முன்னேற்றம் நின்றுபோன கால் என்றால் மறுபடம் கேட்க நியாயம் உண்டு. பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணு செறிந்த நீர். அதைப் பொறுத்தவரை, 80 வீரர்களில் பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு உப்பு நீரையும் ஊசியாகப் போட்டு, யாருக்கு எது என்று தெரியாமல் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. திரும்பும் நாளில் வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காலைக் கேட்கும் முறை. நான்கு சோதனைகள் போதும். நான்கையும் இரண்டு காலிலும் செய்து, எண்ணாக எழுதி வையுங்கள். “பரவாயில்லை போல இருக்கிறது” என்பது எண் அல்ல.

முதலாவது தொட்டுப் பார்ப்பது. குப்புறப் படுத்து, பிசியோ விரல் நுனியால் உட்காரும் எலும்பிலிருந்து முழங்கால் வரை அழுத்தி வர, வலிக்கும் பகுதியின் மேல் முனையையும் கீழ் முனையையும் பேனாவால் குறித்து, நாடாவால் அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை அளந்தால் அந்த நீளம் சுருங்கிக்கொண்டே வர வேண்டும். மேல் முனை உட்காரும் எலும்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாக ஆறும் என்பது நெடுநாள் அனுபவம். உங்களுக்கு நடுப்பகுதி என்பது நல்லதே.

இரண்டாவது நீளம். மல்லாந்து படுத்து, இடுப்பை 90 பாகைக்கு மடித்துத் தொடையைக் கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை நீங்களாகவே மெதுவாக நீட்டுங்கள். இழுவை தெரிகிற இடத்தில் கோணத்தை அளவியால் குறியுங்கள். இரு காலுக்கும் இடையில் 10 பாகைக்குள் வித்தியாசம் வந்தபின்தான் 80 சதவீதத்தைத் தாண்டலாம்.

மூன்றாவது பலம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முழங்காலை நன்றாக மடக்கி அளந்தால் காயப்பட்ட கால் சமமாக வந்துவிடும், ஏனென்றால் அந்த நிலையில் தசை குறுகியிருக்கிறது. குப்புறப் படுத்து, முழங்கால் ஏறத்தாழ 15 பாகை மட்டும் மடங்கிய நிலையில், கையடக்க விசைமானியைக் குதிகாலில் வைத்து 3 விநாடி முழு விசையோடு தள்ளுங்கள். மூன்று முயற்சியில் அதிகபட்சத்தை எழுதுங்கள். உதாரணமாக இடது கால் 320 நியூட்டன், வலது கால் 250 என்றால் வலதில் 78 சதவீதம்தான் இருக்கிறது. 288 வந்தால் 90 சதவீதம்; அதுதான் முழு வேகத்துக்கான கதவு. காயத்துக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால் அதோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஓய்வில் இடது காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் வலது கால் தேறிவிட்டதாகப் பொய்யாகத் தெரியும். விசைமானி இல்லையென்றால் 60 செ.மீ. உயரப் பெட்டியில் ஒரு குதிகாலை வைத்து, முழங்கால் சுமார் 20 பாகை மடங்கியிருக்க, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். முடியாமல் போகும் வரை எண்ணுங்கள். விரையோட்டக்காரருக்கு 25-க்குக் கீழே என்றால் போதாது, இரு காலுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலும் போதாது.

நான்காவது, கடைசியில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை. மற்ற மூன்றும் தெளிந்தபின், முழங்காலை நேராக வைத்து, மல்லாந்து படுத்தபடி காலை முடிந்தவரை வேகமாக மூன்று முறை மேலே வீசுங்கள். வலியைக் கேட்பதில்லை, பயம் வந்ததா, “விட்டுவிடுமோ” என்று உள்ளே இழுத்துக்கொண்டீர்களா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி. மெதுவான நீட்டலில் ஒளிந்திருக்கும் குறையை இந்த வேகமான வீச்சு வெளியே இழுத்துவிடும். கால் ஆறவில்லை என்பதை மூளை சில வேளை முந்திக்கொண்டு சொல்கிறது.

இந்த நாட்களில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சோதனை செய்தால் நான்கும் பொய் சொல்லும். போட்டால் அன்று அளக்காதீர்கள்.

மெல்லோட்டம் தொடங்க இத்தனையும் வேண்டியதில்லை. நொண்டாமல் 20 நிமிடம் நடக்க முடிந்து, ஒரு காலில் நின்று இலேசாகத் துள்ளினால் பத்தில் 3-க்கு மேல் வலி வராவிட்டால் தொடங்கலாம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். பயிற்சியின்போது கொஞ்சம் வலி இருந்தால் தவறில்லை. வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்ற விதி திரும்புவதை விரைவாக்குவதாகக் காணப்படவில்லை. மறுநாள் காலையில் நிலைமை கெட்டிருக்கக் கூடாது என்பதே விதி.

வேகத்தை எப்படி ஏற்றுவது? இங்கே உங்கள் 2.00 விநாடி நமக்குப் பெரிய உதவி. “80 சதவீதம் ஓடு” என்றால் உடல் அதை முயற்சியாகப் புரிந்துகொள்ளும். 80 சதவீத முயற்சியில் பயிற்சி பெற்ற கால் 90 சதவீத வேகத்துக்கு வந்துவிடும். ஆகவே முயற்சியை மறந்து கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் உச்ச வேகம் விநாடிக்கு 10 மீட்டர். எனவே பறக்கும் 20 மீட்டரை 4.00 விநாடியில் ஓடினால் 50 சதவீதம், 3.33 என்றால் 60, 2.86 என்றால் 70, 2.50 என்றால் 80, 2.35 என்றால் 85, 2.22 என்றால் 90, 2.11 என்றால் 95.

கடைசி எண்களைக் கவனியுங்கள். 90-க்கும் 95-க்கும் இடையில் 0.11 விநாடிதான். கையில் பிடிக்கும் ஸ்டாப்வாட்சின் பிழையே அந்த அளவு இருக்கும். 80 வரை கைக் கடிகாரம் போதும். அதற்கு மேல் ஒளிக்கதிர் டைமிங் கேட், அல்லது விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன் காணொளி வேண்டும். போனை முக்காலியில், 20 மீட்டரின் நடுப்புள்ளிக்கு நேரே, இரு முனையும் தெரியும் தூரத்தில் வையுங்கள். முனைக் கம்புகள் நீங்கள் ஓடும் தடத்தின் கோட்டிலேயே இருக்க வேண்டும். கேமராவுக்கு அருகில் நட்டால், நீங்கள் ஓடிய தூரம் 20 மீட்டரை விட அதிகமாகிவிடும், நேரம் கூடி, வேகம் குறைவு என்று தவறாகக் காட்டும். அந்தப் பிழைதான் ஆபத்தான பிழை. இடுப்பு கம்பைக் கடக்கும் பிரேமை எண்ணுங்கள்.

ஓடும் வடிவம் இது: 40 மீட்டரில் படிப்படியாக வேகமெடுத்து, 20 மீட்டர் பிடித்து, 40 மீட்டரில் மெல்ல விட்டு நிற்பது. நிற்பதற்கும் 40 மீட்டர் கொடுங்கள். வேகத்தைத் திடீரென்று குறைப்பதும் பின்தொடைக்கு இன்னொரு சுமைதான். ஒரு நாளில் நான்கு முதல் ஆறு ஓட்டம், நடுவே நடந்தே திரும்பி வருவது. நேர்ப்பாதையில் மட்டும், சாதாரண ஷூவில். வளைவு, ஸ்பைக்ஸ், பிளாக்ஸ் இவை 90 சதவீதம் தெளிந்தபின் ஒவ்வொன்றாக. ஒரே நாளில் இரண்டு புதிய விஷயம் வேண்டாம். அப்படிச் செய்து பிடித்துக்கொண்டால் எதனால் பிடித்தது என்று தெரியாது.

இப்போது நாட்காட்டி, காயம் பட்ட நாளிலிருந்து எண்ணியது. 20-ஆம் நாள் வரை 50, 60 சதவீதம், ஒருநாள் விட்டு ஒருநாள். பலப் பயிற்சியில் அசையாமல் தாங்கும் வகை: ஒற்றைக் கால் பிரிட்ஜில் பிடித்து நிற்பது, குதிகாலால் தரையை இழுப்பது. நாண் காயம் என்பதால், தசையை நீட்டியபடி கனமாகச் சுமையேற்றும் பயிற்சிகளை, அதாவது ஒற்றைக் காலில் குனிந்து நிமிர்வது, குதிகாலை வழுக்கவிட்டுத் தாங்குவது போன்றவற்றை, மூன்றாம் வாரம் முடிந்தபின் சிறிய வீச்சில் தொடங்குங்கள். 2பி என்றால் இதை இன்னும் முன்பே தொடங்கச் சொல்லியிருப்பேன். 26-ஆம் நாள் வரை 70 சதவீதம். எல்லாம் சீராகப் போனால் 80 சதவீதம் 27-ஆம் நாள் தொடங்கும்.

அதன்பின் ஒவ்வொரு படிக்கும் இரண்டு நாள் பயிற்சி. 90 வரை பயிற்சிக்கு இடையில் 48 மணி நேரம், அதற்கு மேல் 72 மணி நேரம். 80 சதவீதம் 27, 29-ஆம் நாள். 85 சதவீதம் 31, 33. 90 சதவீதம் 35, 37. 95 சதவீதம் 40, 43. முழு வேகம் 46, 49, 52. உங்கள் போட்டி 45-ஆம் நாள். அதாவது ஒரு படிகூடச் சறுக்காத நல்ல கதையிலேயே, நீங்கள் ஒருமுறைகூட முழு வேகம் ஓடாமல் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் நிற்பீர்கள். சறுக்காத கதை அபூர்வம். எட்டாம் வாரம், 56-ஆம் நாளை ஒட்டி வரும் போட்டியைக் குறிவையுங்கள். மூன்று முழு வேக நாட்களில் ஒன்றாவது பிளாக்ஸிலிருந்தும், ஒன்றாவது களைத்த காலோடும் இருக்கட்டும். 200 மீட்டரில் வளைவைத் தாண்டி வரும் கால் களைத்த கால்.

ஒவ்வொரு ஓட்டத்தின் மறுநாள் காலையும் இரண்டு நிமிடச் சோதனை: முழங்கால் நீட்டல் கோணம், தொட்டால் வலிக்கும் நீளம். கோணம் முந்தைய நாளை விட 10 பாகைக்கு மேல் குறைந்தாலோ, வலிக்கும் நீளம் கூடினாலோ, படி ஏறாதீர்கள். முந்தைய படிக்கு இறங்கி இரண்டு முறை ஓடிவிட்டு மறுபடி முயலுங்கள். ஓடும்போதே “இறுக்கம் ஏறுகிறது” என்று தோன்றினால் அந்த ஓட்டத்தோடு நிறுத்துங்கள். இன்னும் ஒன்று ஓடிப் பார்க்கலாம் என்ற அந்த ஒன்றில்தான் மறுகிழிவு வருகிறது. கால் காட்டும் இன்னோர் அடையாளம் நடையிலேயே உண்டு: வலது காலின் எட்டு குறுகும், அல்லது முழங்கால் முன்னால் முழுதும் விரியாது. உங்களுக்கு அது தெரியாது. பக்கத்திலிருந்து எடுத்த காணொளியில் இரு பக்க எட்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மறுகிழிவில் பாதிக்கு மேல் ஒரே வகைத் தவறிலிருந்து வருவதாகவே என் எண்ணம்: 80-இல் நன்றாக இருந்தது என்று நேராக 95-க்குத் தாவுவது. உயர் முழங்கால் துள்ளல், நீள எட்டுத் தாவல் போன்ற டிரில்களை “இது ஓட்டம் இல்லையே” என்று கணக்கில் சேர்க்காமல் விடுவது இரண்டாவது. கால் முன்வீச்சின் முடிவில் அவை கொடுக்கும் இழுவை நல்ல ஓட்டத்தின் இழுவையே. அவற்றுக்கும் ஓட்டத்தோடு ஒரே படியைக் கொடுங்கள். போட்டிக்குத் திரும்பியதும் பலப் பயிற்சியை நிறுத்திவிடுவது மூன்றாவது. திரும்பிய முதல் இரண்டு மாதத்தில்தான் மறுகிழிவு அதிகம் நிகழ்கிறது. வாரம் இரண்டு முறை நீட்டல் சுமையை அந்தக் காலம் முழுதும் வைத்திருங்கள்.

கடைசியாக, எப்போது இந்தத் திட்டத்தை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உட்காரும் எலும்பின் மேலேயே வலி, உட்கார்ந்தால் குத்துவது, தொடை முழுக்கப் பரவும் பெரிய கன்றல், தசையில் கைக்குத் தெரியும் பள்ளம் இவை நாண் எலும்பிலிருந்தே பிய்ந்ததற்கான அறிகுறி. உங்கள் படத்தில் அது இல்லை, ஆனால் புதிதாகப் பிடித்துக்கொண்டால் இவற்றைத் தேடுங்கள், அறுவை தேவையா என்பதைச் சில வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பாதம் வரை மரத்துப்போனாலோ, இருமினால் தொடையில் மின்னினாலோ முதுகையும் நரம்பையும் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே போங்கள், அது தசை விஷயம் இல்லாமல் இருக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பிசியோவிடம் 15 பாகை நிலையில் இரு காலின் விசையையும் அளந்து எழுதுங்கள், 20 மீட்டரை 4.00 விநாடியில் ஓடிப் பழகுங்கள். அது உங்களுக்கு எரிச்சலூட்டும் அளவு மெதுவாக இருக்கும்.